ஒரு ஸ்ட்ரோக்குக்குப் படகு எவ்வளவு தூரம் போகிறது?

துடுப்புப் படகுப் பந்தயம் பழகுபவர்கள் காதில் தினமும் விழுகிற எண்கள் இரண்டு. ஒன்று ஸ்ட்ரோக் ரேட், அதாவது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை துடுப்பு இழுக்கிறோம் என்பது. இன்னொன்று ஸ்ப்ளிட், அதாவது 500 மீட்டர் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. ஒரு தடவை துடுப்பை இழுத்தால் படகு எத்தனை மீட்டர் போகிறது என்ற மூன்றாவது எண்ணை இந்த இரண்டிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். தாளும் பேனாவும் போதும்.

ஒரு நிமிடத்தில் படகு போகும் தூரத்தை அந்த நிமிடத்தில் போட்ட ஸ்ட்ரோக்குகளால் வகுத்தால் விடை வந்துவிடும். படகு விநாடிக்கு 4 மீட்டர் போகிறது, ரேட் 24 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் 240 மீட்டர். 240-ஐ 24-ஆல் வகுத்தால் 10. ஒரு ஸ்ட்ரோக்குக்கு 10 மீட்டர்.

```
தூரம் (மீ) = வேகம் (மீ/வி) × 60 ÷ ஸ்ட்ரோக் ரேட்
தூரம் (மீ) = 30000 ÷ (ஸ்ப்ளிட் விநாடியில் × ஸ்ட்ரோக் ரேட்)
```

இரண்டும் ஒரே கணக்குதான். 500 மீட்டரை 60-ஆல் பெருக்கினால் 30000 வருகிறது, அதனால்தான் இரண்டாவது வரியில் அந்த எண். ஸ்ப்ளிட் கையில் இருந்தால் வேகத்தைத் தனியாகக் கண்டுபிடிக்காமல் நேரே விடைக்குப் போய்விடலாம். விநாடிக்கு 4 மீட்டர் என்றால் 500 மீட்டருக்கு 125 விநாடி, அதாவது 2:05. 125-ஐ 24-ஆல் பெருக்கினால் 3000. முப்பதாயிரத்தை அதனால் வகுத்தால் அதே 10.

இங்கே புதியவர்கள் சறுக்குவது அலகில்தான். போனில் இருக்கும் செயலி வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று காட்டும். அதை 3.6-ஆல் வகுத்தால்தான் விநாடிக்கு மீட்டர் கிடைக்கும். மணிக்கு 14.4 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 4 மீட்டர். ஸ்ப்ளிட்டிலும் இதே ஆபத்து உண்டு. 2:05 என்பதை 2.05 நிமிடம் என்று நினைத்து 60-ஆல் பெருக்கினால் 123 விநாடி வரும். சரியான எண் 125.

ரேட்டை எண்ணும்போது இன்னொரு பிழை நுழையும், அது கண்ணுக்கே தெரியாது. கையில் கருவி இல்லாதவர்கள் பத்து ஸ்ட்ரோக்குக்கு ஆகும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் பார்ப்பார்கள். துடுப்பு தண்ணீருக்குள் இறங்கும் நொடியில் வாட்சைத் தட்டி, "ஒன்று" என்று தொடங்கி, "பத்து" என்று சொல்லும்போது நிறுத்துவார்கள். அப்படிச் செய்தால் நடுவில் ஓடி முடிந்தவை ஒன்பது ஸ்ட்ரோக்தான். ரேட் 24-இல் ஒன்பது ஸ்ட்ரோக்குக்கு 22.5 விநாடி ஆகும். அதைப் பத்துக்கான நேரம் என்று எடுத்துக்கொண்டால் ரேட் ஏறக்குறைய 26.7 என்று வரும், 10 மீட்டர் போகிற படகு 9 மீட்டர்தான் போகிறது என்று கணக்கு சொல்லும். வாட்சைத் தட்டும்போது "பூஜ்யம்" என்று சொல்லித் தொடங்குங்கள். "பத்து" வரும்போது 25 விநாடி காட்டும், ரேட் சரியாக 24.

வேகத்தையும் ஒரு கண நேரத்தில் பார்த்துக் குறிக்கக்கூடாது. ஒரே ஸ்ட்ரோக்குக்குள் படகின் வேகம் நிறைய ஏறி இறங்கும். துடுப்பு தண்ணீரைப் பிடித்த உடனே வேகம் மிகக் குறைவாக இருக்கும். இழுத்து முடித்துவிட்டு, உட்கார்ந்திருக்கும் இருக்கை தண்டவாளத்தில் படகின் பின்முனைப் பக்கமாக உருண்டு வரும்போது மிக அதிகமாக இருக்கும். ஆள் தன் எடையை ஒரு பக்கம் நகர்த்தும்போது லேசான படகு எதிர்ப் பக்கம் தள்ளப்படுவதே காரணம். அதனால் போன் திரையில் ஒரு நொடி தோன்றும் எண்ணை நம்பாமல், குறைந்தது 250 மீட்டர், முடிந்தால் 500 மீட்டர் தூரத்துக்குச் சராசரி எடுக்க வேண்டும். கிளம்பும்போது போடும் வேகமான ஸ்ட்ரோக்குகளை அதில் சேர்க்கக்கூடாது. படகு சீராக ஓடத் தொடங்கிய பிறகே வாட்சைத் தட்ட வேண்டும்.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் வந்த எண் எதைச் சொல்கிறது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

என் அக்கா குடும்பம் புனலூரில் இருக்கிறது. செங்கோட்டை மலையைத் தாண்டினால் வரும் ஊர், வீட்டுக்குள் தமிழ், கடைவீதியில் மலையாளம். அக்கா மகன் ஆலப்புழையில் தங்கி ஒற்றை ஆள் படகு பழகுகிறான். அவன் பயிற்சி எடுப்பது புன்னமடைக் காயலில். நேரு டிராபி வள்ளம்களி நடக்கிற அதே தண்ணீர். (வள்ளம்களியின் சுண்டன் வள்ளத்தில் முன்னால் பார்த்து உட்கார்ந்து குட்டைத் துடுப்பால் அடிப்பார்கள், ரேட்டும் மிக அதிகம். அந்த எண்களை இங்கே ஒப்பிட முடியாது.) மழைக்காலத்தில் ஒரு நாள் போன் செய்தான்.

"மாமா, இன்னிக்கு ஒரு ஸ்ட்ரோக்குக்குப் பத்தரை மீட்டருக்கு மேல வந்துருக்கு."

"எந்தப் பக்கம் போனப்ப?"

"வடக்க போனப்ப."

"திரும்பி வந்தப்ப?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "ஒன்பதேகால். காலு அசந்துபோச்சு போல."

கால் அசரவில்லை, தண்ணீர் ஓடியது. பம்பையும் மற்ற ஆறுகளும் மழைத் தண்ணீரைக் கொண்டுவந்து வேம்பநாட்டுக் காயலில் கொட்டுகின்றன. அந்தத் தண்ணீர் வடக்கே கொச்சிப் பக்கமாகக் கடலைத் தேடிப் போகிறது. மேலே பார்த்தால் காயல் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும், அடியில் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். போனில் இருக்கும் ஜிபிஎஸ் கரையை வைத்து வேகத்தை அளக்கிறது. படகு தள்ளுவதோ தண்ணீரை. இரண்டு வேகமும் ஒன்றாக இருப்பது தண்ணீர் நிற்கும்போது மட்டும்தான்.

அவன் சொன்ன எண்களை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பக்கமும் ரேட் 24. வடக்கே போகும்போது 500 மீட்டருக்கு 1:58, அதாவது 118 விநாடி. திரும்பி வரும்போது 2:14, அதாவது 134 விநாடி. வடக்கே வேகம் விநாடிக்கு 4.24 மீட்டர், ஸ்ட்ரோக்குக்கு 10.59 மீட்டர். தெற்கே 3.73 மீட்டர், ஸ்ட்ரோக்குக்கு 9.33 மீட்டர்.

போகும்போது தண்ணீரின் வேகம் படகோடு சேர்கிறது, வரும்போது அதே அளவு கழிகிறது. ஆகவே இரண்டு வேகங்களையும் கூட்டிப் பாதியாக்கினால் தண்ணீர் காணாமல் போய்விடும். 4.24-ம் 3.73-ம் சேர்த்துப் பாதி 3.98. ஒரு ஸ்ட்ரோக்குக்கு 9.96 மீட்டர். இதுதான் அவனுடைய உண்மையான எண். தண்ணீர் ஓடிய வேகமும் கூடவே கிடைக்கிறது. இரண்டு வேகங்களின் வித்தியாசத்தில் பாதி, விநாடிக்குக் கால் மீட்டர். அவ்வளவு மெதுவான ஓட்டம், கரையில் நின்று பார்த்தால் மிதந்து வரும் ஆகாயத்தாமரையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அதுவே இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒன்றேகால் மீட்டர் வித்தியாசத்தைக் காட்டிவிட்டது. கூட்டிப் பாதியாக்க வேண்டியது வேகத்தை, நேரத்தை அல்ல என்பதையும் கவனியுங்கள். ஓட்டம் கூடுதலாக இருந்தால் இரண்டு விடைகளும் விலகிப் போகும்.

தண்ணீர் ஓட்டத்தை ஒதுக்கிவிட்டு அளக்க இன்னொரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழி அது. அதற்கு வாட்சும் வேண்டாம், போனும் வேண்டாம். துடுப்பு தண்ணீரிலிருந்து வெளியே வரும்போது அங்கே ஒரு சுழி விழும். கறுப்பாக, ஒரு சோற்றுத் தட்டு அகலத்துக்கு, நடுவில் குழிந்து சுழன்றுகொண்டிருக்கும். நல்ல இழுப்பாக இருந்தால் அந்தச் சுழி சில நொடிகள் கலையாமல் நிற்கும். படகோட்டி பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதால் தான் போட்ட சுழிகள் வரிசையாக விலகிப் போவது அவன் கண்ணுக்கு நேராகவே தெரியும். ஒரே பக்கத்துத் துடுப்பு போட்ட அடுத்தடுத்த இரண்டு சுழிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிதான் ஒரு ஸ்ட்ரோக்குக்குப் போகும் தூரம். சுழி தண்ணீரோடு சேர்ந்தே நகரும், ஆகையால் ஓட்டம் எவ்வளவு இருந்தாலும் இந்த இடைவெளி மாறாது. ஒற்றை ஆள் படகு ஏறக்குறைய 8 மீட்டர் நீளம். சுழிகளின் இடைவெளி படகு நீளத்தைவிடக் கால் பங்கு அதிகமாகத் தெரிந்தால் பத்து மீட்டர் போகிறோம் என்று பொருள். பாலத்தின் மேலிருந்து பார்க்கும் பயிற்சியாளருக்கு இது இன்னும் தெளிவாகத் தெரியும். அரை மீட்டர் துல்லியம் இதில் வராது, ஆனால் ஒரு ஸ்ட்ரோக் சரியாக விழவில்லை என்றால் அந்த இடத்தில் இடைவெளி சுருங்குவது உடனே கண்ணில் படும்.

சரி, உண்மையான எண் கிடைத்துவிட்டது. பெரிய எண் நல்லது, சின்ன எண் கெட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. எண்ணைப் பெரிதாக்க ஒரு எளிய வழி ரேட்டைக் குறைப்பது. நிமிடத்துக்கு 18 ஸ்ட்ரோக் போட்டு ஒவ்வொரு தடவையும் படகு நீளமாக வழுக்கிக்கொண்டு போகும்படி விட்டால் 12 மீட்டர்கூட வரும். ஆனால் பந்தயத்தில் யாரும் 18-இல் ஓட்டுவதில்லை. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் பல்ராஜ் பன்வார் ஒற்றை ஆள் படகில் தன் கடைசிப் பந்தயத்தின் 2000 மீட்டரை ஏறக்குறைய 7 நிமிடம் 2 விநாடியில் முடித்தார். அதாவது விநாடிக்கு 4.74 மீட்டர். ரேட் 34 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் ஸ்ட்ரோக்குக்கு 8.4 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே வரும். எங்கள் பையனின் 9.96-ஐவிட அது சின்ன எண். அதை வைத்து அவன் ஒலிம்பிக் வீரரைவிட நன்றாக இழுக்கிறான் என்று யாராவது சொன்னால் சிரிப்போம்.

ரேட் ஏறும்போது இந்தத் தூரம் குறையத்தான் செய்யும், குறையவும் வேண்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். படகு வேகமாகப் போகப் போகத் தண்ணீர் கொடுக்கும் எதிர்ப்பு வேகத்தைவிடச் சீக்கிரமாக ஏறுகிறது. ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. வேகம் 10 சதவீதம் கூடினால் எதிர்ப்பு 21 சதவீதம் கூடும். ஒரு ஸ்ட்ரோக்கில் நாம் கொடுக்கும் உழைப்பு, அந்த எதிர்ப்பை எதிர்த்துப் படகு எத்தனை மீட்டர் நகர்ந்தது என்பதில் செலவாகிறது. எதிர்ப்பு கூடிவிட்டால் அதே உழைப்பில் குறைவான மீட்டர்தான் வாங்க முடியும்.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவு. ஒருவர் ரேட் 24-இல் 2:05 ஸ்ப்ளிட்டில் போகிறார். ஸ்ட்ரோக்குக்கு 10 மீட்டர். ஒவ்வொரு இழுப்பிலும் அதே உழைப்பை வைத்துக்கொண்டு ரேட்டை மட்டும் 30-க்கு ஏற்றுகிறார். வேகம் 4-இலிருந்து 4.31-க்குப் போகும், ஸ்ப்ளிட் 1:56 ஆகும், ஸ்ட்ரோக்குக்குத் தூரம் 8.62 மீட்டராக இறங்கும். எதிர்ப்பு 16 சதவீதம் ஏறியது, தூரம் 14 சதவீதம் குறைந்தது. 1.16-ஐ 0.862-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஒன்றுக்கு வந்து நிற்கும். தூரம் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் போய்விட்டது, ஆனால் இழுப்பு கொஞ்சமும் தளரவில்லை.

ஆகவே வந்த தூரத்தைச் சும்மா பார்க்காமல், அந்த ரேட்டில் வந்திருக்க வேண்டிய தூரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வாய்ப்பாடு போதும்.

```
எதிர்பார்க்கும் தூரம் = பழைய தூரம் × (பழைய ரேட் ÷ புது ரேட்)^(2/3)
```

மூன்றில் இரண்டு என்ற அடுக்கு எதிர்ப்பு வர்க்கமாக ஏறுவதால் வருவது. போனில் இருக்கும் கால்குலேட்டரைப் படுக்கைவாக்கில் திருப்பினால் அடுக்குப் பொத்தான் கிடைக்கும். 24-இல் 10 மீட்டர் போகிறவருக்கு 20-இல் 11.3 மீட்டர், 28-இல் 9.0 மீட்டர், 32-இல் 8.25 மீட்டர் என்று வர வேண்டும். ஸ்ப்ளிட்டாகச் சொன்னால் 20-இல் 2:13, 28-இல் 1:59, 32-இல் 1:54 ஏறக்குறைய.

இதை வைத்து ஒரு சோதனை செய்யலாம். தண்ணீர் அமைதியாக இருக்கும் நாளில் ரேட் 20, 24, 28, 32 என்று நாலு ஓட்டம், ஒவ்வொன்றும் 250 மீட்டராவது, நடுவில் நன்றாக மூச்சு வாங்கிக்கொள்ள இடைவெளி. ஓட்டம் இருக்கும் தண்ணீர் என்றால் ஒவ்வொரு ரேட்டையும் இரண்டு பக்கமும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். அப்புறம் கிடைத்த தூரங்களை எதிர்பார்த்த தூரங்களுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

அக்கா மகனுக்கு இதைச் செய்தபோது 28 வரை எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. 32-இல் கதை மாறியது. 8.2 மீட்டர் வந்திருக்க வேண்டிய இடத்தில் 7.6 மீட்டர்தான் வந்தது. ஸ்ப்ளிட் 2:03.4. ரேட் 24-இல் 2:05.5 போகிற பையன் நிமிடத்துக்கு எட்டு ஸ்ட்ரோக் கூடப் போட்டு இரண்டு விநாடிதான் மிச்சம் பிடித்தான். ஸ்ட்ரோக்குக்கான உழைப்பைக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காணோம்.

அது எங்கே போனது என்று எண் சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் போட் ஓட்டிக்கொண்டு எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். ரேட் ஏறும்போது இருக்கையில் அவசரமாகப் பின்முனைப் பக்கமாக உருண்டு வந்து, துடுப்பு தண்ணீருக்குள் முழுதாக இறங்குவதற்கு முன்பே காலை உதைத்துவிடுகிறான். துடுப்பின் அலகு காற்றிலேயே ஒரு முழத்துக்குப் பின்னால் நகர்ந்துவிட்டு அப்புறம்தான் தண்ணீரைப் பிடிக்கிறது. உதையின் முதல் பகுதி வீண். நீளமாக இழுக்க வேண்டிய இழுப்பு கட்டையாகிவிட்டது. ரேட் குறைவாக இருக்கும்போது இந்தப் பழக்கம் தெரியவில்லை, ஏனென்றால் துடுப்பை இறக்க நேரம் நிறைய இருந்தது. ரேட் ஏறும்போது இழுக்கும் நேரம் அதிகம் சுருங்குவதில்லை, திரும்பி வரும் நேரம்தான் பெரிதும் சுருங்குகிறது. ரேட் 20-இல் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 3 விநாடி, அதில் ஏறக்குறைய 2 விநாடி திரும்பி வருவதற்கு. ரேட் 32-இல் மொத்தமே 1.9 விநாடிக்குள் எல்லாம் முடிய வேண்டும். அவசரம் எங்கே காட்டும் என்பது அதிலேயே தெரிகிறது. அவனுடைய பயிற்சியாளர் அடுத்த வாரங்களில் அவனை 28-க்கு மேல் விடவில்லை. துடுப்பு இறங்கிய பிறகுதான் கால் என்பதை மட்டும் திரும்பத் திரும்பப் பழக்கினார்.

இந்த எதிர்பார்க்கும் தூரத்தைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உடல் களைத்தால் எல்லோருக்கும் அதைவிடக் கொஞ்சம் குறையும். இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்காமல், ஐந்து சதவீதத்துக்கு மேல் போனால் வீடியோவைப் பாருங்கள். அதேபோல ஒரு ஆள் எண்ணை இன்னொரு ஆள் எண்ணோடு, ஒற்றை ஆள் படகை எட்டுப் பேர் படகோடு ஒப்பிடவும் வேண்டாம். ஜெர்மனியின் எட்டுப் பேர் படகு 2017-இல் 2000 மீட்டரை 5:18.68-இல் முடித்து உலகின் வேகமான நேரத்தைப் பதிவு செய்தது. விநாடிக்கு 6.28 மீட்டர், ரேட் 38 என்று வைத்தால் ஸ்ட்ரோக்குக்கு 9.9 மீட்டர். அங்கே தள்ளுவது எட்டுப் பேர்.

காற்று மட்டும் இந்தக் கணக்குக்குள் முழுதாக அடங்காது. தண்ணீர் ஓட்டத்தைப்போல இரண்டு பக்கமும் ஓட்டினால் அது காணாமல் போய்விடாது. எதிர்க்காற்று பிடித்து இழுக்கும் அளவுக்குப் பின்காற்று தள்ளிவிடுவதில்லை, அதனால் காற்றுள்ள நாளில் சராசரி எடுத்தாலும் எண் கொஞ்சம் குறைவாகவே வரும். புன்னமடையில் மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து கடல்காற்று எழும்பும், பகல் முழுதும் ஹவுஸ்போட்டுகள் ஓடி அலை கிளப்பும். சோதனை ஓட்டத்தை விடிகாலையில், முதல் ஹவுஸ்போட் கிளம்புவதற்கு முன்பே வைத்துக்கொள்வது நல்லது. படகின் அடியில் இருக்கும் சின்னத் தகட்டில் ஆகாயத்தாமரை வேர் சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் கையால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கொத்து வேர் போதும், எல்லா ரேட்டிலும் தூரம் ஒரேபோலக் குறைந்து காரணம் தெரியாமல் குழம்ப வைத்துவிடும்.